விகிதத்தின் பகுதியில் எதை வைக்கிறீர்கள்? கன்னியாகுமரி மாவட்டத் தன்னாட்சிக் கல்லூரிகளின் கல்விக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் மாவட்டத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில், முதலாண்டு மாணவர்களை இரண்டாம் ஆண்டுக்கு அனுப்புவதற்குக் கிரெடிட் நிறைவு விகிதத்தை அளவுகோலாக வைக்கும் வரைவு விதி ஒன்று ஆசிரியர்களின் பார்வைக்குச் சுற்றுக்கு விடப்பட்டுள்ளது. இரண்டு பருவங்கள் முடிந்த நிலையில் ஒரு மாணவர் தாம் முயன்ற கிரெடிட்டுகளில் குறைந்தது 67 விழுக்காட்டை ஈட்டியிருக்க வேண்டும் என்பதும், ஈட்டாதவர் மூன்றாம் பருவத்துக்குப் பதிவு செய்ய இயலாது என்பதும் அதன் சாரம். ஒரு கல்லூரி எழுதும் விதியைப் பார்த்து மற்றவை எழுதுவது நம் வழக்கம் என்பதால், அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். கல்லூரித் தேர்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த விதி அலுவலக மேசையில் எப்படிக் கணக்காக மாறும் என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

மாணவர்கள் அரியர்களைக் குவித்துக்கொண்டு கடைசிப் பருவம்வரை வந்து, பட்டம் பெறாமலே வெளியேறுவதைத் தடுக்க வேண்டும் என்பது உங்கள் நோக்கம். அந்த நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. நம் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில், வருகைப்பதிவு சரியாக இருந்தால் எத்தனை பாடங்களில் தவறியிருந்தாலும் அடுத்த பருவத்துக்குப் போகலாம் என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. அது மாணவனைத் தெருவில் நிறுத்தாமல் காத்தது. ஆனால் அவன் பின்தங்குவதை உரிய நேரத்தில் யாரும் கவனிக்காமல் போகவும் அதுவே இடம் கொடுத்தது. ஆகவே ஓர் அளவுகோல் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமே. என் கவலை முழுவதும் வரைவில் உள்ள 'முயன்ற கிரெடிட்' என்ற சொல்லைப் பற்றியது. அது எங்கும் வரையறுக்கப்படவில்லை. விகிதத்தின் தொகுதியில், அதாவது வகுபடும் மேல் எண்ணில், ஈட்டிய கிரெடிட் வரும் என்பதில் ஐயமில்லை. பகுதியில், அதாவது வகுக்கும் கீழ் எண்ணில், எது வரும் என்பதைப் பொறுத்து ஒரே மாணவன் தகுதியுள்ளவனாகவும் ஆகலாம், தகுதியற்றவனாகவும் ஆகலாம்.

இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் சட்டகத்தின்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அதாவது பருவத்துக்குச் சராசரியாக 20. உங்கள் பாடத்திட்டத்தில் இந்த எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். கணக்கு எளிதாக இருக்க இதையே வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஐந்து பாடங்கள், பாடத்துக்கு 4 கிரெடிட் என்று கொள்வோம். குலசேகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தந்தையோடு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு முடித்துவிட்டு, குளித்துக் கிளம்பிப் பேருந்து பிடித்து வருகிறவன். முதல் பருவத்தில் மூன்று பாடங்களில் தேறி இரண்டில் தவறுகிறான். ஈட்டியது 12, முயன்றது 20. விகிதம் 60 விழுக்காடு.

இரண்டாம் பருவத்தில் அவனுக்குப் புதிதாக 20 கிரெடிட் உண்டு. அவற்றோடு பழைய இரண்டு அரியர்களுக்கும் தேர்வுக் கட்டணம் கட்டி எழுதுகிறான். புதிய ஐந்தில் நான்கில் தேறுகிறான், அரியர் இரண்டில் ஒன்றை முடிக்கிறான். ஈட்டியது 12, 16, 4 என மொத்தம் 32. முதலாண்டுக்கென்று பாடத்திட்டம் விதித்தது 40 கிரெடிட். ஒவ்வொரு பாடத்தையும் ஒருமுறை மட்டும் எண்ணி, 32ஐ 40ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. ஆனால் 'முயன்ற' என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, அவன் எழுதிய ஒவ்வொரு தேர்வையும் ஒரு முயற்சியாக எண்ணினால், பகுதியில் அரியருக்கான 8 கிரெடிட்டும் சேர்ந்து 48 ஆகிறது. 32ஐ 48ஆல் வகுத்தால் 66.67 விழுக்காடு. வரைவு கேட்பது 67. மொத்தத்தில் இரண்டே பாடங்கள் பாக்கி வைத்திருக்கும் ஒரு மாணவனை இரண்டாம் ஆண்டுக்கு வராதே என்று சொல்கிறது இந்தக் கணக்கு.

இதைவிடக் கவலை தருவது அடுத்தது. அதே மாணவன் இரண்டாம் பருவத்தில் அரியர் தேர்வுக்குக் கட்டணமே கட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஈட்டியது 12, 16 என 28. முயன்றது 40. விகிதம் 70 விழுக்காடு. தாராளமாகத் தகுதி பெற்றிருப்பான். அரியரை எழுதி ஒன்றில் வென்றவன் வெளியே நிற்க, எழுதவே எழுதாதவன் உள்ளே போகிறான். விகிதக் கணக்கின் இயல்பே இதற்குக் காரணம்: 70 விழுக்காட்டில் நிற்பவன் புதிதாக எழுதும் இரண்டில் ஒன்றில் மட்டும் தேறினால், சேர்ந்த பங்கு 50 விழுக்காடு என்பதால் மொத்த விகிதம் கீழே இறங்கும். இதை மாணவர்கள் கண்டுகொள்ள ஒரு பருவம்கூடத் தேவைப்படாது. ஜெயிப்போம் என்ற உறுதி இல்லாத அரியரைத் தொடாதே என்று மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அரியர் குவிவதைத் தடுக்க வந்த விதி அரியரைக் குவிக்கச் சொல்லித்தரும்.

67 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் இந்தக் குழப்பத்தின் வேர் புரியும். அமெரிக்காவில் கூட்டரசின் மாணவர் நிதியுதவி பெறுகிறவர்களுக்கு முன்னேற்ற அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு பட்டப்படிப்பின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் மாணவர் அதை முடிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 120 கிரெடிட் படிப்பென்றால் 180 கிரெடிட் முயல்வதற்குள் முடித்துவிட வேண்டும். 120ஐ 180ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.67 விழுக்காடு. அதைத்தான் பல நிறுவனங்கள் 67 என்று முழுமையாக்கி எழுதுகின்றன. அங்கே தோற்ற பாடமும், இடையில் விலகிய பாடமும், திரும்பப் படிக்கும் பாடமும் முயன்றவையாகவே எண்ணப்படும்.

அந்த எண்ணிக்கை அங்கே பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கு ஒரு பாடத்தில் தோற்றவர் அதை மறுபடி எடுப்பதென்றால், மறுபடி பதிவு செய்து, மறுபடி பாடக்கட்டணம் செலுத்தி, வகுப்பில் மறுபடி ஒரு பருவம் உட்கார வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் பொதுப்பணமும் காலமும் செலவாகின்றன. அளவுகோல் அளப்பது அந்தச் செலவைத்தான். நம் அரியர் என்பது தேர்வு மட்டுமே. வகுப்பறையில் இடம் பிடிக்காது, ஆசிரியர் நேரம் கேட்காது, பருவத்தை நீட்டாது. மாணவன் தேர்வுக் கட்டணம் கட்டி விடைத்தாளில் எழுதிவிட்டுப் போகிறான். அதை ஒரு புதிய பாடத்துக்குச் சமமாகப் பகுதியில் சேர்ப்பது, செலவாகாத ஒன்றைச் செலவுக் கணக்கில் எழுதுவதாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே அந்த விகிதம் தீர்மானிப்பது நிதியுதவி தொடருமா என்பதை. பருவந்தோறும் மதிப்பிடும் நிறுவனங்கள் முதல்முறை தவறியவரை ஒரு பருவம் எச்சரிக்கை நிலையில் வைத்து உதவியைத் தொடரலாம். மேல்முறையீட்டுக்கும் இடம் வைக்கலாம். நம் வரைவில் எச்சரிக்கையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. கதவு மட்டும் இருக்கிறது.

நம் நாட்டிலேயே கிரெடிட் அடிப்படையில் ஆண்டு உயர்வு தரும் விதிகள் உள்ளன. ஹைதராபாத்திலுள்ள ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டுப் பொறியியல் விதிமுறை, இரண்டாம் ஆண்டுக்குச் செல்ல அதுவரையிலான கிரெடிட்டில் 50 விழுக்காட்டையும், மூன்றாம் ஆண்டுக்குச் செல்ல 60 விழுக்காட்டையும் கேட்டது. அங்கே பகுதியில் நிற்பது அந்த ஆண்டுவரை பாடத்திட்டம் விதித்த கிரெடிட். மாணவர் தேர்வை எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த எண் மாறாது. துணைத்தேர்வில் ஈட்டியதும் தொகுதியில் சேரும். எழுதாமல் தப்பிக்க அங்கே வழியில்லை, எழுதியதால் இழப்பும் இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த வடிவத்தைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

நம் மாணவனின் மூன்றாம் பருவத்தையும் பார்த்துவிடுவோம். அவன் எப்படியோ உள்ளே வந்து, புதிய 20 கிரெடிட்டிலும் மிச்சமிருந்த இரண்டு அரியர்களிலும் முழுமையாகத் தேறிவிட்டான் என்று வையுங்கள். ஈட்டியது 60, விதிக்கப்பட்டது 60. அவனுக்கு அரியரே இல்லை. முயற்சிகளை எண்ணும் முறையில் பகுதி 76 ஆகிறது. விகிதம் ஏறத்தாழ 79. ஒரு பாடம்கூடப் பாக்கியில்லாத மாணவனின் பதிவில் இனி எந்நாளும் 100 வராது. முதல் பருவத்தில் தவறிய இரண்டு பாடங்கள் அவன் பட்டம் வாங்கும்வரை பகுதியிலேயே தங்கிவிடும். தேறிய அரியரை மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி என்று எழுதிவிட்டு, விகிதத்தில் மட்டும் தோல்வியாக வைத்திருப்பது முறையா என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தேர்வுப் பிரிவின் மென்பொருள் இப்போது எந்த முறையில் கூட்டுகிறது என்பதை விதி நிறைவேறும் முன்பே சோதித்துவிட முடியும். இத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு தேர்வுப் பதிவும் ஒரு வரியாக ஏறும். அரியர் எழுதினால் அதே பாடக்குறியீடு இரண்டாவது வரியிலும் வரும். பதிவு செய்த கிரெடிட் என்ற நிரலை அப்படியே கூட்டச் சொன்னால், இரண்டு வரியும் கூடும். கூட்டியவருக்கு அது தெரியவும் தெரியாது. கடந்த ஆண்டு அரியர் எல்லாவற்றையும் முடித்துவிட்ட ஒரு மாணவரின் பதிவெண்ணை எடுத்து விகிதம் கேளுங்கள். 100க்குக் குறைவாக வந்தால் பகுதியில் இரட்டை எண்ணிக்கை இருக்கிறது. அடுத்து, கூடுதல் கிரெடிட்டுக்காக ஸ்வயம் இணையப் பாடம் ஒன்றை முடித்த, அரியர் இல்லாத ஒருவரைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால், பாடத்திட்டத்துக்கு வெளியே ஈட்டியது தொகுதியில் கலந்திருக்கிறது என்று பொருள். இதுவும் தவறுதான், எதிர்ப்பக்கத்துத் தவறு: முதன்மைப் பாடங்களில் தோற்றவர் கூடுதல் பாடத்தைக் கொண்டு விகிதத்தை உயர்த்திக்காட்ட இது வழிவிடும். பாடத்திட்டப் பாடத்துக்கு ஈடாக ஏற்றுக்கொண்ட வெளிக் கிரெடிட்டு மட்டும் தொகுதியில் வரட்டும். கூடுதல் கிரெடிட்டு மதிப்பெண் பட்டியலில் பெருமையாக நிற்கட்டும், விகிதத்துக்குள் வர வேண்டாம். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர் கிரெடிட் வங்கி வழியாகக் கொண்டுவரும் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டால், தொகுதி, பகுதி இரண்டிலும் சேர்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் சேர்த்தால் அவர் கணக்கு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

67ஐப் பற்றியும் ஒரு சொல். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள். 66.67ஐ 67க்குக் குறைவு என்று மென்பொருள் நிராகரிக்கும்; அதற்கு நியாயம் தெரியாது. மேலே சொன்ன மாணவன் மூன்றில் இரண்டு பங்கைச் சரியாக ஈட்டியவன். கோரிக்கையோடு வரும் அவனிடம், வேண்டிய பங்கை நீ ஈட்டிவிட்டாய், ஆனாலும் தகுதியில்லை என்று சொல்லும் நிலை எந்த அலுவலருக்கும் வரக்கூடாது.

இனி, எந்த நாளில் இந்த விகிதத்தைக் கணக்கிடுவது என்ற கேள்வி. வரைவு இதைப் பற்றி மௌனமாக இருக்கிறது. எனக்கோ பகுதிக்கு அடுத்தபடியாக இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. தேர்வு முடிவு வெளியான நாளில் ஒரு விகிதம் இருக்கும். மறுமதிப்பீட்டு முடிவு வந்த பிறகு அது வேறாக இருக்கலாம். முன் சொன்ன 40 கிரெடிட் முதலாண்டில் 24 கிரெடிட் ஈட்டிய ஒருவருக்கு 60 விழுக்காடு. மறுமதிப்பீட்டில் ஒரே ஒரு பாடம் தேர்ச்சியானால் 28, அதாவது 70. ஒரு விடைத்தாளில் நாலைந்து மதிப்பெண் கூடினால் இரண்டாம் ஆண்டு கிடைக்கிறது. அந்த முடிவுக்காக நான்கு வாரம் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும்? பருவத்துக்கு 90 வேலைநாள் என்றும், 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றும் கொண்டால், ஒரு மாணவர் தவறவிடக்கூடியது 22 நாள். காத்திருந்த நாள்களே அதை ஏறக்குறைய விழுங்கிவிடும். பிறகு அவர் தகுதி பெற்றுவிட்டார் என்று அறிவித்தாலும், ஒரு காய்ச்சல் வந்தால் வருகைக் குறைவால் பருவத்தை இழப்பார். ஆகவே மறுமதிப்பீடு முடியும்வரை எல்லா மாணவரும் மூன்றாம் பருவ வகுப்பில் தற்காலிகமாக அமரலாம், அந்த வருகை செல்லும் என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

மாணவரின் கையில் இல்லாத காரணத்தால் முடிவு வராத பாடங்களும் உண்டு. கட்டணப் பாக்கிக்காக நிறுத்திவைத்த முடிவு, வெளி நிறுவனம் மதிப்பெண் அனுப்பத் தாமதித்த திறன் பாடம் போன்றவை தொகுதியில் இல்லை என்பதற்காகத் தோல்வியாகிவிடக் கூடாது. முடிவு வரும்வரை பகுதியிலிருந்தும் அவற்றை விலக்கி வைக்க வேண்டும். தேர்வுக்கு வராமைக்கும் இது பொருந்தும். ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் நவம்பரில் வருகின்றன. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது நீரோடி முதல் குமரி முனை வரையிலான கடற்கரை ஊர்களில் எத்தனை வீடுகள் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வாரத்தில் தேர்வெழுத வராத பிள்ளையின் விகிதத்தையும் இதே மென்பொருள்தான் கணக்கிடும். வட்டாட்சியர் சான்றோ மருத்துவச் சான்றோ உள்ள வராமையை, அடுத்த தேர்வு வாய்ப்பு முடியும்வரை பகுதியில் சேர்க்காதிருக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி வரைவில் இல்லை.

விகிதம் குறைந்தவரை என்ன செய்வது என்பதில் என் கருத்து, முதலாண்டு முடிவில் கதவடைப்பது மிகவும் தாமதமான நடவடிக்கை என்பதே. முதல் பருவ முடிவு வந்தவுடனேயே 60 விழுக்காட்டில் நிற்பவர்களின் பட்டியல் துறைத்தலைவர் கையில் இருக்க வேண்டும். அப்போது ஆசிரியர் மாணவனோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய கணக்கு மிக எளிது. விதிக்கப்பட்ட கிரெடிட்டைப் பகுதியாக வைத்தால், 40இல் மூன்றில் இரண்டு பங்கு 26.67, கிரெடிட் நான்கு நான்காக வருவதால் 28 வேண்டும். கையில் 12 இருக்கிறது, இன்னும் 16 தேவை, அதாவது நான்கு பாடங்கள். எழுதப்போகும் ஏழு தேர்வுகளில் எந்த நான்கு என்பதைச் சேர்ந்து முடிவு செய்யலாம். மாணவனும் பெற்றோரும் விரலால் எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு இது. முயற்சிகளை எண்ணும் முறையில் இந்த உரையாடலே நடக்காது. எத்தனை அரியருக்குக் கட்டணம் கட்டுகிறான் என்பதைப் பொறுத்து இலக்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

அதன் பிறகும் குறைந்தவருக்கு ஒரு பருவம் எச்சரிக்கை நிலை தாருங்கள். மூன்றாம் பருவத்தில் அவர் இருக்கட்டும். கூடுதல் கிரெடிட் பாடங்களை மட்டும் அந்தப் பருவத்தில் அவர் எடுக்க வேண்டாம். அரியர் பாடங்களுக்கு மாலையில் வகுப்பு வையுங்கள். மூன்றாம் பருவ முடிவிலும் 60இல் 40 கிரெடிட்டை எட்டாதவரைப் பற்றித் துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், மாணவரின் பொறுப்பாசிரியர் மூவரும் அமர்ந்து, மாணவரை நேரில் கேட்ட பிறகு முடிவெடுக்கட்டும். நிறுத்துவது என்று முடிவானால், அந்த ஆணையில் ஈட்டிய கிரெடிட், விதிக்கப்பட்ட கிரெடிட், கணக்கிட்ட நாள் ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விதி எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்குப் பொருந்தும் என்பதையும் தெளிவாக்குங்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை அரியர் இருந்தாலும் மேலே போகலாம் என்ற உறுதியை நம்பிச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பழைய பருவங்களை எடுத்துப் புதிய விகிதத்தில் வகுப்பது முறையாகாது.

தன்னாட்சிக் கல்லூரியில் இந்த விதியை எழுதும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகளும் உங்கள் அவையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் வரைவை எடுத்துக்கொள்ளும் முன், கடந்த ஆண்டு முதலாண்டு முடித்த ஒரு துறையின் மாணவர் அனைவருக்கும், விதிக்கப்பட்ட கிரெடிட்டைப் பகுதியாக வைக்கும் முறை, முயற்சிகளை எண்ணும் முறை ஆகிய இரண்டிலும் விகிதம் கணக்கிட்டு, பெயரை நீக்கிவிட்டு, அந்த அட்டவணையை உறுப்பினர்கள் முன் வைக்கும்படி தேர்வுப் பிரிவிடம் கேளுங்கள். முதல் முறையில் தேறி இரண்டாம் முறையில் தவறுகிற ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த மாணவர் எத்தனை அரியர் எழுதினார் என்பதையும் ஒரு நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அட்டவணையைப் பார்த்த பிறகு வாக்களியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
கல்லூரித் தேர்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவன்,
மார்த்தாண்டம்.